ஆஸ்பத்திரி பில்லுக்கு முன்னும் பின்னும்: ஷீல்டு கிளெய்முக்கு ஒரு கோப்பு

சிங்கப்பூரில் ஆஸ்பத்திரியில் தங்கி சிகிச்சை பெற்றால், அந்த பில்லை அரசின் அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃபுக்கும், அதற்கு மேல் தனியார் நிறுவனத்தில் இன்டெக்ரேட்டட் ஷீல்டு எடுத்திருந்தால் அதற்கும் ஆஸ்பத்திரியே மின்வழி அனுப்பிவிடும். அதனால் எல்லாம் முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். சேர்வதற்கு முன் பார்த்த ஸ்பெஷலிஸ்ட், எடுத்த ஸ்கேன், வீடு திரும்பியபின் போன ஃபாலோ அப் எல்லாம் தனித்தனி பில்கள். மெடிஷீல்டு லைஃப் இவற்றைப் பொதுவாகத் தொடாது. பல ஷீல்டு திட்டங்கள் கொடுக்கும், ஆனால் பெரும்பாலும் நாம்தான் அனுப்பிக் கேட்க வேண்டும்.

என் பெரியம்மாவுக்கு 2025 மார்ச் 18 அன்று பித்தப்பைக் கல் ஆப்பரேஷன். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் 180 நாள், வீடு திரும்பிய பின் 365 நாள் வரையிலான பில்களை அவர் பாலிசி கொடுக்கும். இந்தக் கணக்கு திட்டத்துக்குத் திட்டம் மாறும், பாலிசி ஷெட்யூலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி ஸ்கேன் உள்ளே வந்தது. முந்தைய செப்டம்பர் 3-இல் எடுத்த முதல் ஸ்கேன் 196 நாள் பழசு. பதினாறு நாள் வித்தியாசத்தில் அந்தப் பணம் போய்விட்டது.

இன்னொன்றிலும் சறுக்கினோம். பிப்ரவரி ஸ்கேனுக்கு அவர் பத்திரமாக வைத்திருந்தது நெட்ஸ் சீட்டு. பணம் கட்டியதைத்தான் அது சொல்லும். யாருக்கு, எதற்கு என்று சொல்லாது. நோயாளி பெயரும் சேவை விவரமும் உள்ள பில் வேண்டும். கிளினிக்கில் கேட்டால் மறுபடி அடித்துத் தருவார்கள், தந்தார்கள். மங்கும் தாளில் வந்தால் அன்றைக்கே படம் எடுத்து, `2025-02-12_scan.pdf` என்று தேதியை முன்னால் வைத்துச் சேமியுங்கள். வரிசை தானாக வந்துவிடும், நாள் எண்ணுவதும் சுலபம்.

மருத்துவப் பதிவுகளை ஆன்லைனில் எடுக்கத் தனியாக ஒரு 'ஹெல்த் ஐடி' இங்கே தேடவேண்டாம். அடையாள அட்டை எண்ணும், அரசுச் சேவைகளுக்கான மின்வழி அடையாளமான சிங்பாஸும்தான் அது. சிங்பாஸில் அரசின் சுகாதாரத் தளமான ஹெல்த்ஹப்பைத் திறந்தால் பொதுத்துறை ஆஸ்பத்திரி, பலதுறை மருந்தகங்களின் பரிசோதனை முடிவுகள், மருந்துகள், அப்பாயின்ட்மென்ட்கள் கிடைக்கும். தனியார் கிளினிக்கில் செய்தது அங்கே இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். வயதானவர்களின் சிங்பாஸ் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்காமல், ஹெல்த்ஹப்பில் பராமரிப்பாளராகச் சேர்ந்து பார்ப்பதே சரி.

இன்சூரன்ஸ் செயலிகளில் வரும் கார்டு இரண்டு வகை, இதில்தான் குழப்பம். வேலையிடம் தரும் கார்டு பெரும்பாலும் அவர்களோடு ஒப்பந்தமுள்ள பேனல் கிளினிக்கில் காட்டத்தான். உங்கள் ஷீல்டு கார்டில் பாலிசி எண்ணும் திட்டப் பெயரும் இருக்கும். கிளெய்ம் உறுதி என்று அதற்கு அர்த்தமில்லை. இரண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கோப்பில் போடுங்கள். வேலையிட இன்சூரன்ஸ் ஒரு பில்லில் பாதியைக் கட்டியிருந்தால், எவ்வளவு கட்டியது என்ற அவர்களின் கடிதத்தையும் ஷீல்டு நிறுவனம் கேட்கும். வேலையை விட்டால் வேலையிட இன்சூரன்ஸின் செயலிக்குள் நுழைய முடியாமல் போகலாம், அதற்கு முன்பே இறக்கிவைத்துவிடுங்கள்.

பெரியம்மாவின் கோப்பில் கடைசியாகச் சேர்ந்தது டிஸ்சார்ஜ் சம்மரி. ஃபாலோ அப் பில்லும் ஆப்பரேஷனும் ஒரே நோய்க்கு என்று அந்தத் தாள்தான் காட்டும்.