ஒரே ஒன்றை வைத்துப் பிழையை அளப்பது எப்படி?

புள்ளியியல் படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "விலக்க வர்க்கச் சராசரியைக் கூறிலிருந்து மதிப்பிடும்போது n−1 ஆல் வகுக்கிறோம். ஓர் அடுக்கிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்தால் n−1 பூஜ்ஜியமாகிவிடுமே. அப்போது என்ன செய்வார்கள்?"

அமெரிக்காவில் மாதந்தோறும் வேலையின்மை விகிதத்தைத் தரும் நடப்பு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதே நிலைதான். பெருநகரப் பகுதிகள் கூறில் கட்டாயம் இடம்பெறும். மாவட்டம் போன்ற மற்ற கவுண்டிகளைத் தொகுதிகளாக்கி, ஒன்றுபோல இருக்கும் தொகுதிகளை ஓர் அடுக்கில் வைத்து, அடுக்குக்கு ஒரே ஒரு தொகுதியைக் குலுக்கி எடுக்கிறார்கள். இரண்டு எடுத்தால் என்ன? நூறு தொகுதிகளுக்கு மட்டுமே ஆள் அனுப்பப் பணம் இருக்கிறது என்றால், 50 அடுக்குகளில் இரண்டிரண்டு எடுக்கலாம். 100 அடுக்குகளில் ஒவ்வொன்று எடுக்கலாம். அடுக்குகள் நுணுக்கமானால் உள்ளே இருப்பவை இன்னும் ஒத்திருக்கும், மதிப்பீடும் துல்லியமாகும். ஆனால் அந்தத் துல்லியத்தை அளக்கும் வழி அடைபட்டுவிடுகிறது.

இதற்குக் கையாளும் முறைக்கு அடுக்கு இணைப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒத்த அடுக்குகள் இரண்டை ஜோடி சேர்த்து, அவற்றின் மதிப்பீடுகளைக் கழித்து வர்க்கப்படுத்த வேண்டும். எல்லா ஜோடிகளின் வர்க்கங்களையும் கூட்டினால், அதுவே மொத்த மதிப்பீட்டின் விலக்க வர்க்கச் சராசரிக்கான மதிப்பீடு.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 'அ' அடுக்கில் இரண்டு தொகுதிகள். வேலையில்லாதோர் 4, 6 ஆயிரம். 'ஆ' அடுக்கிலும் இரண்டு. 5, 7 ஆயிரம். ஒவ்வொன்றிலும் சம வாய்ப்பில் ஒன்றை எடுத்து இரட்டிப்பாக்குகிறோம். 'அ'வின் மதிப்பீடு 8 அல்லது 12; உண்மை 10. 'ஆ'வுக்கு 10 அல்லது 14, உண்மை 12. இரண்டிலும் விலக்கம் எப்போதும் 2 என்பதால் விலக்க வர்க்கச் சராசரி தலா 4, சேர்த்து 8. இப்போது நான்கு வாய்ப்புகளிலும் வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பாருங்கள்: 4, 36, 4, 4. சராசரி 12. உண்மையான 8ஐ விட 4 கூடுதல். அந்த 4 எங்கிருந்து வந்தது? அடுக்குகளின் உண்மை மொத்தங்களான 10க்கும் 12க்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம் அது. இந்த முறையின் பிழை முழுவதும் அந்த ஓர் உறுப்பில் அடங்கிவிடுகிறது. அது வர்க்கம் என்பதால் எதிர்மறை ஆகாது. ஆகவே சராசரியில் இந்த மதிப்பீடு உண்மையைவிடக் கூடலாம், குறையாது. உண்மை மொத்தம் 24 உள்ள ஓர் அடுக்கோடு 'அ'வை இணைத்திருந்தால் கூடுதல் 196 ஆகியிருக்கும்.

'குறையாது' என்ற உறுதி ஒரு நிபந்தனையில் நிற்கிறது. ஜோடியைக் கூறின் விடைகளைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

'அ'வைப் போலவே நான்கு அடுக்குகள் இருப்பதாகக் கொள்வோம். எல்லாவற்றிலும் உண்மை 10; மதிப்பீடு 8 அல்லது 12. மொத்த விலக்க வர்க்கச் சராசரி 16. முன்கூட்டியே ஜோடி சேர்த்தால் நம் முறையும் சராசரியாக 16 தரும். ஆனால் ஒருவர் விடைகள் வந்தபின் 8ஐ 8உடனும் 12ஐ 12உடனும் சேர்க்கிறார். மொத்தம் 16 விதமாகக் கூறு அமையலாம். அவற்றில் எட்டு விதங்களில் எல்லா ஜோடியும் பொருந்திவிடுவதால் விடை பூஜ்ஜியம். மற்ற எட்டில் மூன்று ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம் என்று அமைவதால் ஒரு ஜோடி மட்டும் இடறி 16 தரும். சராசரி 8. உண்மையான 16இல் பாதி! 'ஒத்த அடுக்குகளைத்தான் சேர்த்தேன்' என்று அவர் மனதாரச் சொல்லலாம். ஆனால் அவர் சேர்த்தது ஒத்த அடுக்குகளை அல்ல, குலுக்கலில் ஒத்துவிழுந்த எண்களை. அதனால்தான் முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்ற பழைய தரவுகளைக் கொண்டு ஜோடிகளை முடிவு செய்ய வேண்டும்.

இணையும் அடுக்குகளின் அளவு வேறுபட்டால் நேரடியாகக் கழிக்கக் கூடாது. ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு என்றால், கூட்டு மதிப்பீட்டை 2:1 என்று பங்கிட்டு, ஒவ்வொன்றும் தன் பங்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி இரட்டிப்பாக்க வேண்டும்.

கணினியில் இதைச் செய்பவர்களுக்கு ஒன்று. ஆர் மொழியின் `survey` தொகுப்பில் ஒரே ஒரு தொகுதி மட்டும் எடுக்கப்பட்ட அடுக்கு வந்தால், இயல்பாகவே பிழைச் செய்தியோடு கணக்கு நின்றுவிடும். அதைத் தாண்டப் பலர் எழுதும் வரி இது:

```
options(survey.lonely.psu = "certainty")
```

இது அந்த அடுக்கின் பங்கைப் பூஜ்ஜியம் என்று கொள்கிறது. கட்டாயம் சேர்க்கப்பட்ட பெருநகரம் என்றால் சரி. குலுக்கி எடுத்த தொகுதிக்கு இதைப் போட்டால், நூறு அடுக்குகளின் தொகுதிக்குத் தொகுதி உள்ள வேறுபாடு அத்தனையும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். தரவை வெளியிடும் அமைப்புகள் அடுக்கு எண்ணோடு இணைப்பு எண்ணையும் ஒரு நெடுவரிசையாகத் தர வேண்டும் என்பது என் கருத்து. கூறெடுப்பை வடிவமைத்தவர்களிடம் அந்த ஜோடிப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. தரவைப் பயன்படுத்துபவர் விடைகளைப் பார்த்த பிறகு அதைத் தானாக உருவாக்க வழியில்லை.