‘வெல்கம்’: நல்வரவு, வருக, வரவேற்கிறோம்

ஒரு புதிய பேருந்து முனையத்தின் ஒலிபெருக்கிக்கு வரவேற்பு வரி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் தரப்படும் தாளில் ‘வெல்கம்’ என்று தொடங்கும் ஆங்கில வரி இருக்கும். அதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்: நல்வரவு, வருக வருக, வரவேற்கிறது, சுவாகதம். நான்கும் வரவைப் பற்றிய சொற்கள்தான். ஆனால் ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று பொருந்தாது.

ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் ‘வில்குமா’. ‘வில்’ என்றால் விருப்பம், ‘குமா’ என்றால் வருபவர். விரும்பத்தக்க விருந்தாளி என்று ஓர் ஆளைத்தான் அது முதலில் குறித்தது. ‘நன்றாக’ என்ற பொருளுள்ள ‘வெல்’ முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது பிற்பாடு. தமிழில் விருந்து என்ற சொல் வந்த வழியும் இப்படித்தான். தொல்காப்பியம் புதுமையை விருந்து என்கிறது. அந்தப் புதுமை வீட்டுக்கு வரும் புதியவரைக் குறித்து, அப்புறம் அவருக்கு இடும் சோற்றையும் குறித்தது.

வடமொழியில் ‘சு’ என்பது நல்ல, ‘ஆகதம்’ என்பது வந்தது. இரண்டும் சேர்ந்தது சுவாகதம். அதற்கு நேராகத் தமிழில் நிற்பது நல்வரவு. பெயர்ச்சொல் என்பதால் அது எழுத்தில் நன்றாக நிற்கும். கல்யாண மண்டபத்து வளைவில் ‘தங்கள் வரவு நல்வரவாகுக’ என்று பார்த்திருப்போம். கண்ணுக்கு அது போதும், ஆனால் காதுக்கு வேறு கணக்கு. ‘ல்’லுக்குப் பின்னால் வரும் வகரம் மெல்லிய ஒலி. உயரமான தகரக் கூரையின் கீழ், வண்டிகளின் உறுமலுக்கு நடுவே, அது கரைந்துவிடும். ‘நல்லரவு’ என்று கேட்டால் அரவு என்பது பாம்பு. அதனால் நல்வரவைப் பெயர்ப்பலகைக்கு வைத்துக்கொள்ளலாம், ஒலிபெருக்கிக்கு வேண்டாம்.

‘வருக’ வியங்கோள் வினைமுற்று. ஒருவர், பலர், ஆண், பெண் என எவருக்கும் அதே வடிவம் செல்லும். ‘உங்களை’ என்று தனியாகச் சொல்லவும் தேவையில்லை. இவ்வளவு சிக்கனமான சொல் கிடைப்பது அரிது. ஆனால் அது வாசலில் நின்று உள்ளே அழைக்கும் சொல். வண்டியிலிருந்து ஏற்கெனவே இறங்கிவிட்டவரிடமும், ஊருக்குப் போக மூட்டையோடு நிற்பவரிடமும் ‘வருக’ என்றால் சற்று ஒட்டாமல் நிற்கும்.

மிஞ்சுவது வரவேற்பு. வரவு, ஏற்பு என்ற இரண்டும் சேர்ந்தது. கதவு, அழகு சேர்ந்து கதவழகு ஆவதுபோல வரவின் உகரம் கழன்று வரவேற்பு ஆகிறது. ஏற்றல் என்பது பெற்றுக்கொள்வது, ஒப்புக்கொள்வது. பழைய தமிழில் இந்த இடத்தில் எதிர்கொள்ளுதல் என்ற சொல் உண்டு. வருபவர் முன்னால் எழுந்து நடந்துபோய் அழைத்துவருவது அது. இன்று சவாலையும் வழக்கையும் எதிர்கொள்கிறோம், விருந்தினரை வரவேற்கிறோம். இந்த மாற்றம் ஒலிபெருக்கிக்குச் சாதகம்தான். பதிவுக்குரல் எழுந்து நடந்துபோக முடியாது. உங்கள் வரவை ஏற்கிறோம் என்று சொல்ல மட்டும் முடியும்.

இதை எழுதும்போது ‘வரவேற்க்கிறது’ என்று ஒரு க் கூடிவிடுவதை நிறையப் பார்க்கிறேன். ‘பார்க்கிறது’ என்பதில் ர் இருப்பதால் பின்னால் க் இரட்டிக்கும். றகர மெய்க்கும் டகர மெய்க்கும் பின்னால் அது கூடாது: கேட்கிறது, ஏற்கிறது, வரவேற்கிறது. அறிவிப்புத் தாளில் பிழை இருந்தால் அதே வரி மின்பலகையிலும் பிழையாக ஓடும்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையத்துக்கு நாமே ஒரு வரி எழுதிப் பார்ப்போம். வழக்கமான கை இப்படி எழுதும்: ‘கிளாம்பாக்கம் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் தங்களை அன்புடன் வருக வருக என வரவேற்கிறது.’ நிதானமாகப் படித்தால் ஏழெட்டு வினாடி ஆகும். வருக, வரவேற்கிறது என்று ஒரே வேலையை இரண்டு சொல் செய்கின்றன. கட்டடம் அன்புடன் வரவேற்பதாகச் சொல்வது பிழையில்லை. ஆனால் கேட்பது மனிதக்குரல் என்பதால் ‘வரவேற்கிறோம்’ இயல்பாக இருக்கும்.

‘தங்களை’ என்பதிலும் ஒரு சிக்கல். மரியாதைக்காக எழுதுகிறோம், சரி. அடுத்த அறிவிப்பிலேயே ‘பயணிகள் தங்கள் உடைமைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்’ என்று வரும். அங்கே தங்கள் என்பது அவரவர் உடைமை. முதல் வரியில் கேட்பவரைக் குறித்த சொல் இரண்டாம் வரியில் அவரவரைக் குறிக்கிறது. பார்த்துப் படிப்பவர் இதைக் கடந்துவிடுவார், அரைகுறையாகக் கேட்பவர் ஒரு நொடி தடுமாறுவார். ‘உங்களை’ என்றால் ஐயமே இல்லை, அதில் மரியாதைக் குறைவும் இல்லை.

‘முனையத்திற்கு வரவேற்கிறோம்’ என்று ஆங்கில அமைப்பிலும் எழுதுகிறார்கள். வரவு ஓர் இடத்துக்குத்தான் என்பதால் ‘கு’ உருபைத் தவறு என்று தள்ளமாட்டேன். ஆனாலும் தமிழில் வரவேற்கப்படுவது ஆள். ஆளை முன்னால் வைத்தால் வரி தானாக நேராகிறது: ‘கிளாம்பாக்கம் வந்திருக்கும் உங்களை வரவேற்கிறோம்.’

இதைவிடப் பெரிய கேள்வி, கேட்பவர் வந்தவரா, போகிறவரா என்பது. அதிகாலையில் மதுரை, திருநெல்வேலி வண்டிகளில் வந்து இறங்குபவர்கள் வருவிருந்து. இரவில் அதே ஊர்களுக்கு ஏறக் காத்திருப்பவர்கள் செல்விருந்து. ‘செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்’ என்ற குறளில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஏறப்போகிறவரிடம் ‘வரவேற்கிறோம்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அவர் அதைக் காதில் வாங்குவதை விட்டுவிடுவார், அடுத்து வரும் நடைமேடை எண்ணும் அதோடு போய்விடும். வந்தவருக்கும் போகிறவருக்கும் பொதுவாக நம்மிடம் இருக்கும் சொல் வணக்கம்.

ரயில் நிலையத்தில் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று தொடங்குவது, ஆங்கிலத்தைப் பார்த்து வந்த தொடர்தான். ஆனால் அது ஒரு வேலை செய்கிறது. மணியொலி கேட்டுத் தலை நிமிர்வதற்குள் முதல் சொல் பாதி போய்விடும். அந்த இழப்பைத் தாங்க முன்னால் ஒரு தொடர் வேண்டும், ஊர்ப்பெயர் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். ‘பயணிகளுக்கு வணக்கம்’ அந்த வேலையை அதைவிடச் சுருக்கமாகச் செய்யும். ஊர்ப்பெயர் கேட்டுவிட்டால், கடைசியில் நிற்கும் வினைச்சொல் வண்டிச் சத்தத்தில் மங்கினாலும் பரவாயில்லை.

ஆக, இரண்டு பதிவுகள் வேண்டும். வந்து இறங்கும் பக்கத்துக்கு: ‘பயணிகளுக்கு வணக்கம். கிளாம்பாக்கம் வந்திருக்கும் உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.’ புறப்படும் பக்கத்துக்கு: ‘பயணிகளுக்கு வணக்கம். இது கிளாம்பாக்கம், கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம். உங்கள் பயணம் இனிதாகுக.’ இரண்டாவதில் கிளாம்பாக்கத்துக்குப் பின்னால் உள்ள காற்புள்ளியைக் குரல் கொடுப்பவருக்குத் தாளில் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுங்கள். அங்கே அவர் நிறுத்தாமல் படித்தால் ஊர்ப்பெயர் நீளமான முனையப் பெயருக்குள் மறைந்துபோகும்.