அட்டப்பாடிக் கல்லில் எவ்வளவு ஆக்சிஜன்?

ஆனைகட்டி தாண்டி கேரளத்தின் அட்டப்பாடிக்குள் கள ஆய்வுக்குப் போகும்போது திசைகாட்டியை நம்பக் கூடாது என்று முதல் நாளே பட்டுத் தெரிந்துகொண்டேன். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பாறை அருகில் இருந்தால் முள் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். கறுப்புப் பட்டை மேக்னடைட் என்ற இரும்புத் தாது, வெள்ளை குவார்ட்ஸ். மிகப் பழைய கடலடியில் படிந்த பட்டை இரும்புக் கல் இது. ஊரில் பட்டை விழுந்த நைஸ் என்ற வேறு வகைக் கல்லையும் இதுவென்று எடுத்து வருவார்கள். கையில் கனமாக இருக்கிறதா, காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

அகளியில் தமிழ் பேசும் பள்ளி ஆசிரியர் ஒருவர் அந்தக் கல்லைக் காட்டிக் கேட்டார்: "இது இருக்கிறதென்றால், இது படிந்த காலத்திலேயே காற்றில் ஆக்சிஜன் இருந்தது என்றுதானே சார் அர்த்தம்?"

பலரும் தடுக்கி விழும் இடம் இது. ஆக்சிஜன் உள்ள நீரில் இரும்பு கரைந்து நிற்காது, உடனே துருவாகிப் படிந்துவிடும். இத்தனை இரும்பு கடலெங்கும் பரவிச் சேர வேண்டுமானால், ஆழ்கடல் ஆக்சிஜன் இல்லாமல்தான் இருந்திருக்க வேண்டும். கடலடி வெந்நீர் ஊற்றுகள் கொட்டிய இரும்பு மேல்நீருக்கு வந்து, அங்கே துருவாகி அடியில் படிந்தது. பிற்காலத்து வெப்பமும் அழுத்தமும் அதை மேக்னடைட்டாக்கின.

சரி, துருவாக்கியது ஆக்சிஜன்தான் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கல்லில் சுமார் 300 கிராம் இரும்பு இருக்கிறது. மேக்னடைட்டில் மூன்றில் இரண்டு பங்கு இரும்புதான் முழுதாகத் துருவேறியது, அதாவது 200 கிராம். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு இரும்பு அணுக்களைத் துருவாக்கும். அந்தக் கணக்கில் ஏறக்குறைய 29 கிராம் ஆக்சிஜன் போகும். வாயுவாக அளந்தால் 20 லிட்டர், நம் வீட்டுத் தண்ணீர் கேன் அளவு. ஒரு கிலோ கல்லுக்கே இவ்வளவு. கடலில் பிறந்த ஆக்சிஜனை இரும்பு இப்படிக் குடித்துக்கொண்டிருந்தால் காற்றுக்கு என்ன மிஞ்சும்?

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஆக்சிஜனே வெளிவிடாமல், ஒளியைக் கொண்டு இரும்பைத் துருவாக்கும் பாக்டீரியாக்கள் உள்ளன. 1993-இல் ஃப்ரீட்ரிஷ் விடெல் குழுவினர் அவற்றைப் பற்றி எழுதினார்கள். அவை செய்த வேலையென்றால் அந்த 20 லிட்டர் கணக்கு பூஜ்ஜியம். கல்லைப் பார்த்து மட்டும் இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

"அப்புறம் காற்றில் ஆக்சிஜன் வந்ததை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்றார் ஆசிரியர்.

கந்தகத்தை வைத்து. ஆக்சிஜன் இல்லாத காற்றில் புற ஊதாக் கதிர் எரிமலைக் கந்தக வாயுவை உடைக்கும்போது, ஐசோடோப்புகள் எனப்படும், எடையில் மட்டும் வேறுபடும் கந்தக அணு வகைகள் வழக்கத்துக்கு மாறான விகிதத்தில் பிரியும். அந்தத் தடம் பழைய பாறைகளில் பதிந்திருக்கிறது. ஜேம்ஸ் ஃபார்குவார் குழுவினர் 2000-இல் இதை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 240 முதல் 230 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தத் தடம் மறைகிறது. காற்றில் ஆக்சிஜன் தங்கியது அப்போதுதான். அட்டப்பாடிப் பாறை அதைவிட மூத்தது.

ஆசிரியர் கல்லை மேசையில் வைத்துவிட்டு, காந்தத்தைத் தரமுடியுமா என்று கேட்டார்.