ஐந்து மணிக்கு அவர் ஏன் கேட்டுக்குப் போகிறார்?

முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பகலெல்லாம் சாதுவாக உட்கார்ந்திருக்கும் மறதி நோயாளிகள் சாயங்காலம் ஐந்து மணியானால் எழுந்து கேட்டுக்குப் போகிறார்கள். ‘வீட்டுக்குப் போகணும்’ என்கிறார்கள். தடுத்தால் அடிக்கிறார்கள். தூக்க மாத்திரை கொடுக்காமல் என்ன செய்வது?”

கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. அது “ஐந்து மணி”. மூளை கெட்டுப்போனதால் ஒருவர் அலைகிறார் என்றால் காலை பத்து மணிக்கும் அலைய வேண்டும். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வருகிறதென்றால், அந்த நேரத்துக்கென்று ஏதோ காரணம் இருக்கிறது. சில ஊர்களில் “சந்தியா வேளை, காத்து பட்டிருக்கு” என்று தாயத்து கட்டுவார்கள். கட்டிய கயிறு இறுகிக் கை வீங்கினால் அதுவே புதிய தொந்தரவு. சொல்லத் தெரியாத வலி முரட்டுத்தனமாகத்தான் வெளியே வரும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால், அல்லது ஒரே நாளில் தெளிவும் குழப்பமும் மாறி மாறி வந்தால், அதற்கு இந்தக் கட்டுரை பயன்படாது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிய மாத்திரை, கீழே விழுந்த அடி என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் வாரக்கணக்கில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப வரும் படபடப்புக்கு.

இனி அந்த ஐந்து மணி. நம் கண் நரம்புகள் இரண்டும் மூளையின் அடியில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அந்தச் சந்திப்புக்குச் சற்று மேலே, அரிசியை விடச் சிறிதாக, இரண்டு நரம்பணுக் கூட்டங்கள் இருக்கின்றன. உடலின் கடிகாரம் இதுதான். எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடல் சூடு இறங்க வேண்டும் என்றெல்லாம் இதுவே தீர்மானிக்கிறது. ஆனால் இந்தக் கடிகாரத்துக்கு ஒரு குறை உண்டு. அதை இருட்டறையில் தனியே விட்டால், சராசரியாக ஒரு நாளை 24 மணி நேரத்துக்குச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓட்டும். தினமும் யாராவது முள்ளைச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்வது பகல் வெளிச்சம்.

எப்படிச் சரிசெய்கிறது என்பதுதான் அழகு. பள்ளியில் படித்த கூம்பு, குச்சி செல்கள் அல்லாமல், விழித்திரையில் மூன்றாவது வகைச் செல்களும் உண்டு. எண்ணிக்கையில் மிகக் குறைவு. இவை முக்கியமாக உருவம் பார்ப்பதற்கானவை அல்ல. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்று அளந்து, அந்தச் செய்தியை நேரே கடிகாரத்துக்கு அனுப்புகின்றன. இவற்றுக்குள் இருக்கும் மெலனாப்சின் என்ற நிறமி நீல ஒளிக்கே, அதாவது சுமார் 480 நானோமீட்டர் அலைநீளத்துக்கே, மிக அதிகமாக அசைகிறது. வானத்தின் நீலம் அதற்குத் தோதானது. பார்வை மங்கியவர்களில் பலருக்கும் இந்தச் செல்கள் வேலை செய்யும். அதனால் “அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, வெளியே உட்காரவைத்து என்ன பயன்” என்று விட்டுவிடக் கூடாது.

மறதி நோயில் இந்த ஏற்பாடு மூன்று இடத்தில் தேய்கிறது. வயதானால் விழிவில்லை மஞ்சளாகி நீல ஒளியை வடிகட்டுகிறது. அல்சைமர் நோயில் கடிகாரச் செல்களே குறைகின்றன. ஆம்ஸ்டர்டாமில் மூளை ஆய்வாளர் டிக் ஸ்வாப்பின் குழு இறந்தவர்களின் மூளையில் அவற்றை எண்ணிப் பார்த்து 1985-ல் இதை எழுதியது. மூன்றாவது தேய்மானம் நாம் செய்வது: அவரை நாள் முழுக்க டிவி ஹாலில் உட்காரவைக்கிறோம். ட்யூப்லைட் எரியும் ஹாலில் கண் மட்டத்தில், வெளிச்சத்தை அளக்கும் அலகில் சொன்னால், 100 முதல் 300 லக்ஸ்தான் கிடைக்கும். அதே கட்டடத்தின் திறந்த வராந்தா நிழலில் பல ஆயிரம் லக்ஸ். நம் கண் இரண்டையும் “வெளிச்சம்” என்றே சொல்லும், ஏனென்றால் பார்வை பழகிக்கொள்கிறது. ஹால் வெளிச்சம் தளர்ந்த கடிகாரத்துக்குப் போதாது. பகல் எது, இரவு எது என்பது மங்கிவிட, பகலில் தூங்கி வழிந்து, பொழுது சாயும்போது களைப்பும் குழப்பமும் ஒன்றாக வருகின்றன. சாயங்காலப் படபடப்புக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் நம் கையில் மாற்றக்கூடிய காரணம் இது.

வெளிச்சத்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் 12 இல்லங்களில் 189 பேரை வைத்து நடந்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. பொது அறைகளில் பகல் முழுக்க சுமார் 1000 லக்ஸ் வெளிச்சம் வைத்தார்கள். நினைவாற்றல் சரிவு கொஞ்சம் மெதுவானது, மனச்சோர்வு குறிகள் குறைந்தன. பலன் மிதமானதுதான். இரவில் உடலில் சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலடோனினை மட்டும் மாத்திரையாகத் தனியே கொடுத்தவர்களுக்கு மனநிலை மோசமானது. இன்னும் பெரிய ஆய்வுகள் தேவை. வராந்தாவைக் காப்புரிமை எடுத்து விற்க முடியாது என்பதால் அதற்குப் பணம் தர ஆளில்லை. நம் இல்லங்களில் சிசிடிவிக்குப் பணம் கிடைக்கிறது. கேமரா யார் வெளியே போனார் என்று காட்டும், ஏன் போனார் என்று காட்டாது.

ஏன் என்று காட்டுவது ஒரு நோட்டுப்புத்தகம். பாடத்துக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம்: 78 வயது, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். ஒரு தாளில் ஏழு நாள், ஒவ்வொரு நாளுக்கும் காலை 6 முதல் இரவு 10 வரை அரை மணிக் கட்டங்கள். தூங்கினால் “தூ”, அமைதி என்றால் புள்ளி, நடமாட்டம் “ந”, கத்தல் அல்லது அடி “க”. ஒவ்வொரு “க”வுக்கும் பக்கத்தில் மூன்று வரி: அதற்கு முந்திய அரை மணியில் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், நாம் என்ன செய்தோம். “முரண்டு பிடித்தார்” என்று எழுதக்கூடாது. “சட்டை மாற்றும்போது வலது கையைத் தூக்கியதும் அடித்தார்” என்று எழுதினால் தோள் வலி பிடிபடும்.

நடத்துநரின் தாளில் ஏழு நாளில் ஐந்து நாள் 4.30 முதல் 6 மணிக்குள் “க” விழுந்திருக்கிறது. மீதி இரண்டு நாள் எதுவும் இல்லை. அந்த இரண்டு நாளில் என்ன வித்தியாசம்? ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து காலையில் டீக்கடை வரை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறார். புதன்கிழமை பராமரிப்பு மின்தடை. ஃபேன் இல்லாததால் எல்லோரையும் காலை 9 முதல் 12 வரை வராந்தாவில் உட்காரவைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்ததும் “வெளிச்சம்தான்” என்று துள்ளத் தோன்றும். அவசரப்படக்கூடாது. புதனன்று டிவியும் ஓடவில்லை, அவர் மதியம் மூன்று மணி வரை தூங்கவும் இல்லை. மற்ற நாட்களில் அவர் கழிப்பறைக்குப் போனது மதியம் 1.30-க்கு, அடுத்தது மாலை 6-க்கு. ஐந்து மணிக்கு அவருக்குச் சிறுநீர் முட்டியிருக்கலாம். “வீட்டுக்குப் போகணும்” என்பது அதற்கும் சொல்லாக இருக்கலாம்.

அதனால் முதலில் உடலைப் பார்ப்பது. மலம் கழித்து மூன்று நாள் ஆகிவிட்டதா என்று பதிவேட்டில் பார்க்கவும். வலிக்குப் பேச்சு தேவையில்லாத மதிப்பீடு ஒன்று உண்டு: மூச்சு, முனகல், முகம், உடலசைவு, ஆறுதலுக்கு அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். எழுந்து நடக்கவைக்கும்போது போட வேண்டும், சும்மா இருக்கும்போது அல்ல. கூடுதலாக வந்தால் மருத்துவரிடம். நார்வேயில் 352 பேரிடம் நடந்த ஆய்வில், வலிக்குப் படிப்படியாக முறையாக மருந்து கொடுத்ததும் படபடப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்தது. பெரும்பாலோருக்குக் கொடுத்தது சாதாரண பாராசிட்டமால்தான். நாம் தேடுவது மருந்தில்லா வழி என்றாலும், வலியை விட்டுவிட்டுப் பாட்டுப் போடுவதில் அர்த்தமில்லை.

பிறகு ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம். முதல் வாரம் 4.15-க்குக் கழிப்பறை, பிறகு ஒரு டம்ளர் மோரும் சுண்டலும். ஐந்து நாள் நான்காகக் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் வாரம் இதை விடாமல் வெளிச்சத்தைச் சேர்ப்பது: காலை 8 முதல் 10 வரை வராந்தா நிழலில், முகம் வெளிப்பக்கம் பார்த்து. வாசலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தால் பாதிப் பலன் போய்விடும், ஏனென்றால் அளவெடுப்பது கண். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி துல்லியமாக இராது, ஆனால் ஹாலையும் வராந்தாவையும் ஒப்பிடப் போதும். கண் உயரத்தில், அவர் பார்க்கும் திசையில் பிடிக்கவும். அக்னி நட்சத்திர நாட்களில் 7-க்குத் தொடங்கி 9-க்குள் உள்ளே, கையில் தண்ணீர். நேர் வெயில் கண்ணில் விழுந்தால் எரிச்சலாகி எழுந்துவிடுவார். விழித்திரை நோயோ, மிதமிஞ்சிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டே செய்ய வேண்டும். மதியத் தூக்கம் அரை மணி, இரண்டு மணிக்குள் முடிய வேண்டும். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம்.

சாயங்காலம் செய்ய வேண்டியது வேறு. 5.15-க்கே எல்லா விளக்கையும் போட்டுத் திரையை இழுத்துவிட வேண்டும். அரையிருட்டில் நிழல்கள் ஆளாகத் தெரியும். இருட்டிய பின் கண்ணாடி ஜன்னலில் தெரியும் தன் உருவத்தையே திருடன் என்பார்.

இரண்டு நாளாகக் குறைந்துவிட்டது, ஆனால் அந்த இரண்டும் போகவில்லை என்றால் மறுபடி தாளைப் பார்க்கவும். இவருடைய தாளில் அந்த இரண்டு நாளும் பகல் ஷிப்ட் பெண்கள் ஹால் வழியாகப் பையும் குடையுமாக “போய்ட்டு வர்றேன்” என்று கிளம்பிய நாள். முப்பது வருடம் டியூட்டி முடித்து வீட்டுக்குப் போனவர் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருப்பாரா? பையைப் பின்கட்டில் வைத்து அந்த வழியாகப் போனால் போதும். கதவைப் பூட்டுவதைவிட இது மலிவு.

அப்படியும் எழுந்துவிட்டால், முன்பக்கமாக, ஒரு கை தூரத்தில், அவர் கண்ணில் படும்படி போகவும். பின்னாலிருந்து தோளைத் தொட்டால் அடி விழுவது இயல்பு. “உங்க வீட்டை வித்தாச்சுய்யா”, “அம்மா இறந்து பத்து வருஷமாச்சு” என்ற பேச்சு ஒவ்வொரு தடவையும் புதிய சாவுச் செய்தி. பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. “கிளம்பிட்டீங்களா ஐயா? நானும் கூட வர்றேன்” என்று அவர் போகும் திசையிலேயே நடக்கவும். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் பத்து விநாடி காத்திருக்கவும், பதில் வர அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் இன்னொருவர் வந்து அதையே வேறு சொல்லில் சொன்னால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவர் மட்டும் பேசட்டும். தோட்டத்தை ஒரு சுற்று சுற்றியதும் “டீ ஆறிடும்யா” என்றால் பெரும்பாலும் உள்ளே திரும்புவார்.

சுற்றுவதையே நிறுத்தப் பார்க்காதீர்கள். முட்டுச்சந்தில்லாத சுற்றுப்பாதை, இறுகப் பிடிக்கும் செருப்பு, வழியில் இரண்டு நாற்காலி இருந்தால் நடை நல்லதே. வாசலில் கறுப்பு மேட் விரித்தால் பள்ளம் என்று பயந்து தாண்டமாட்டார் என்று சில இடங்களில் செய்கிறார்கள். பயந்து தாவி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். கேட்டின் கொக்கியைக் கண்ணுக்குப் படாத உயரத்தில் வைத்து, கதவுக்குச் சுவரின் நிறத்தையே அடிப்பது அதைவிட நல்லது. தீப்பிடித்தால் ஊழியர் யாரும் உடனே திறக்க முடிய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. காலையில் குளிப்பாட்டியதும் அன்றைய சட்டை நிறத்தை நோட்டில் எழுதிவையுங்கள். காணாமல் போனால் கழிப்பறை, ஸ்டோர் ரூம், மாடிப்படி அடியில் ஐந்து நிமிடம் தேடிவிட்டு 112-க்கு அழைக்கும்போது அடையாளம் சொல்ல அது உதவும். நடத்துநர் என்றால் அடுத்து ஆள் அனுப்ப வேண்டிய இடம் பஸ் ஸ்டாண்ட்.