முதல் பேச்சாளரின் நான்கு நிமிடம்: சாயப்பட்டறை வழக்கை வைத்து ஒரு விவாத உரை

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கப் பள்ளிகளில் விவாதப் போட்டிக்கு நடுவராகப் போகும்போதெல்லாம் ஒன்றைப் பார்க்கிறேன். முதலில் பேச வரும் பிள்ளை எல்லாருக்கும் வணக்கம் வைத்து, ஒரு குறளைச் சொல்லி, தலைப்பை இரண்டு முறை வாசிப்பதற்குள் ஒரு நிமிடம் ஓடிவிடுகிறது. அப்புறம் குரல் ஏறுகிறது, கைதட்டலும் கிடைக்கிறது, ஆனால் எதிரணியிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து "நீங்க சொன்னதுக்கு என்னங்க ஆதாரம்?" என்று கேட்டால் அதோடு பேச்சு நின்றுபோகிறது. பேச்சுப் போட்டிக்குத் தயாரித்ததையே விவாதத்துக்கும் கொண்டுபோவதுதான் காரணம். நான் சமூக அறிவியல் ஆசிரியை, பல வருடமாக விவாத அணிகளைப் பழக்குகிறேன். முதல் பேச்சாளரின் உரை எப்படி உருவாகிறது என்பதை எங்கள் ஊர் விஷயம் ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

தலைப்பு இது: "திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை நீதிமன்றம் மூடச் சொன்னது சரியே." பேச வேண்டியவள் பதினொன்றாம் வகுப்பு மாணவி. ஆதரித்துப் பேசும் அணியில் முதல் ஆள். அவள் அப்பாவே சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவர். வீட்டில் என்ன சொல்வார்களோ என்று தயங்கினாள். "அப்பாகிட்டயே கேளு கண்ணு, 2011-ல என்ன ஆச்சுன்னு" என்றேன். அந்தப் பதில் பின்னால் எவ்வளவு உதவியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவள் எழுதிவந்த முதல் வரி "நொய்யல் நம் தாய், தாயைக் காப்பது நம் கடமை" என்று இருந்தது. இதை யார் மறுப்பார்கள்? பட்டறை முதலாளியே மேடைக்கு வந்தாலும் இதையேதான் சொல்வார். எதிராளி மறுக்க முடியாத ஒன்றைச் சொன்னால் அது கருத்தே ஆகாது, விவாதம் அங்கே தொடங்கவே இல்லை. அதனால் எந்த ஆணை, எப்போது, எந்தக் காரணத்தால் சரி என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னேன். அதோடு, எதைச் சொல்லவில்லை என்பதையும் ஒரு வரியில் சேர்க்கச் சொன்னேன். பட்டறைகளே இருக்கக் கூடாது என்று நாம் சொல்வதாக எதிரணி திருப்பிவிட்டால், நாம் சொல்லாத ஒன்றைக் காப்பாற்றுவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

அடுத்தது ஆதாரம். பெரும்பாலான பிள்ளைகள் இங்கேதான் வழுக்குகிறார்கள். அவள் கொண்டுவந்தவை: ஆறு சிவப்பாக ஓடுகிற ஒரு படம், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு நோய்க் கணக்கு, பாட்டி சொன்ன கதை. நோய்க் கணக்கை முதலில் எடுத்துவிட்டோம். யார் எடுத்த கணக்கு, எந்த வருடம், எந்த ஊரில் என்று கேட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்படிப்பட்ட எண்ணை மேடையில் சொன்னால், எதிராளி அதை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, உண்மையாக இருக்கிற மற்றதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுவார்.

படம் உண்மைதான், ஆனால் அதில் வேறொரு சிக்கல். நிறத்தை நீக்கும் சுத்திகரிப்பு நிலையங்கள் 2000-க்கு முன்பே திருப்பூரில் வந்துவிட்டன. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கலந்து சாயத்தைப் படியவைத்து, ஓரளவு தெளிந்த தண்ணீரை வெளியே விட்டார்கள். "நிறத்தைத்தான் நாங்கள் எடுத்துவிட்டோமே" என்று எதிரணி சொன்னால் படம் செத்துப்போகும். ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது கண்ணுக்குத் தெரியாத உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். ஆழ்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 60 கிராம், சில நேரம் அதற்கும் மேல். சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுவதோடு உப்பின் வேலை முடிந்தது, அது துணியில் தங்குவதில்லை, ஏறக்குறைய முழுவதும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பு போட்டால் நிறம் படியும், கரைந்த உப்பு படியாது.

இதை அவளே கணக்குப் போட்டுப் பார்த்தாள். 60 கிராம் என்றால் 60,000 மில்லிகிராம். அலசுகிற தண்ணீரெல்லாம் சேர்ந்து பத்து மடங்காகப் பெருகினாலும் லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் மிஞ்சுகிறது. வெளியே விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகள், அதாவது டிடிஎஸ், 2,100-க்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. இந்தக் கணக்கைப் புரிந்து சொல்கிற பிள்ளையை யாரும் அசைக்க முடியாது, ஏனென்றால் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளால் மறுபடியும் போட்டுக் காட்ட முடியும். இது ஒரு மாதிரிக் கணக்கு, அளந்து எடுத்த எண் இல்லை என்பதையும் மேடையிலேயே சொல்லிவிட வேண்டும்.

பாட்டி கதையை விடவில்லை, இடம் மாற்றினோம். ஒருவர் அனுபவம் தனியாக ஒன்றையும் நிரூபிக்காது, ஆனால் காரணத்தை விளக்கிய பிறகு வந்தால் கேட்பவருக்கு அது கண்முன் நிற்கும்.

இனி மறுப்பு. எதிரணி என்ன சொல்லும் என்று கேட்டேன். "பணம்தான் முக்கியம்னு சொல்லுவாங்க மிஸ்" என்றாள். எந்த எதிரணியும் அப்படிப் பேசாது. நமக்கு வசதியாக ஒரு முட்டாள் எதிராளியை உருவாக்கி அடித்தால் நடுவருக்கு அது உடனே தெரியும், அதற்கு மதிப்பெண்ணும் குறையும். அப்போதுதான் அவள் அப்பாவின் பதில் கைகொடுத்தது. "எழுநூறு பட்டறைக்கு மேல மூடிட்டாங்க, மாசக்கணக்கா வேலை இல்ல, வெளியூர்க்காரங்க பெட்டியக் கட்டிட்டு ஊருக்கே போயிட்டாங்க. தப்புப் பண்ணினவன் ஒருத்தன், பட்டினி கெடந்தவன் வேறொருத்தன்" என்றாராம். எதிரணியின் மிக வலுவான வாதம் இதுதான். இதை அப்படியே, பலம் குறைக்காமல் சொல்லிவிட்டுப் பதில் தர வேண்டும்.

பதில் தரும்போது முதலில் அதில் உண்மையான பகுதியை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை போனது உண்மை. அப்புறம், அந்த உண்மை நம் கருத்தை உடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆணை திடீரென்று வந்திருந்தால் உடைக்கும். ஆனால் அப்படி வரவில்லை என்று தேதிகள் காட்டுகின்றன. அதனால் இந்த வழக்கில் தேதிகளே மறுப்புக்குப் பதில்.

கடைசியில் அவள் பேசிய உரை கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"நடுவர்களுக்கு வணக்கம். 2011 ஜனவரியில், கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத நிலையை எட்டும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணை சரியானது, ஏனென்றால் அந்தப் பாதிப்பை நிறுத்த அதற்கு முன் கொடுத்த எல்லா வாய்ப்பும் வீணாகியிருந்தது. பட்டறைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் அப்பாவும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

பாதிப்பு என்ன? பலரும் நிறத்தைப் பார்க்கிறார்கள், நான் உப்பைப் பார்க்கச் சொல்கிறேன். லிட்டருக்கு 60 கிராம் உப்பு போட்ட சாயத்தண்ணி, அலசிய தண்ணீரோடு சேர்ந்து பத்து மடங்கானாலும் 6,000 மில்லிகிராம் உப்பு அதில் இருக்கும். இது மாதிரிக் கணக்கு. அனுமதித்த அளவு 2,100. சுண்ணாம்பால் நிறம் போகும், உப்பு போகாது. அந்த உப்பு எங்கே போனது? வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், ஒரத்துப்பாளையத்தில் கட்டிய பாசன அணைக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1990-களின் தொடக்கத்தில் விவசாயத்துக்காகக் கட்டிய அணை அது. சில ஆண்டுகளிலேயே, அதில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அந்தப் பக்கத்துக் காட்டில் தென்னை வைத்திருந்த என் பாட்டி, கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சுவதையே நிறுத்திவிட்டார்.

எதிரணி நண்பர்கள் கேட்பார்கள்: எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடியபோது, தவறு செய்யாத தொழிலாளி ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? நியாயமான கேள்வி. என் வீட்டிலும் அந்த மாதங்கள் கஷ்டமாகத்தான் போயின. ஆனால் தேதிகளைப் பாருங்கள். கழிவுநீர் சிறிதும் வெளியே போகக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் சொல்லி, அடுத்த ஆண்டு ஜூலை வரை நேரம் கொடுத்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மூடும் ஆணை வந்தது 2011-ல். நான்கு ஆண்டுகளில் செய்ய வேண்டியதைச் செய்யாததால் வந்த வேலையிழப்பு அது. இன்னொன்று, ஆணை நிபந்தனையோடு வந்தது. ஆர்.ஓ.வும் ஆவியாக்கும் கருவியும் வைத்துத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்திய பட்டறைகள் மறுபடி திறந்தன. திருப்பூர் இன்றும் பனியன் ஏற்றுமதி செய்துகொண்டுதான் இருக்கிறது."

வணக்கத்துக்கு அவள் எடுத்தது ஒரே மூச்சு. கருத்துக்கு அரை நிமிடம், ஆதாரத்துக்கு ஒன்றரை நிமிடம், மறுப்புக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. மேடையில் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் போனால் கேட்பவர்களுக்கு எண்கள் பதியாது, அதனால் நான்கு நிமிட உரையை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் காலி விடச் சொல்வேன்.

பயிற்சியின்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் நான் "சரி, அதனால?" என்று கேட்பேன். அடுத்த வாக்கியத்தில் பதில் இல்லையென்றால் ஒன்று அதை வெட்டவேண்டும், இல்லை இடம் மாற்றவேண்டும். "வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல்" என்பதோடு நின்றிருந்தால் அது வெறும் அலங்காரம்; உப்பைச் சுமந்து அணைக்குப் போனது என்று தொடர்ந்ததால் தங்கியது. இன்னொரு சோதனையும் உண்டு. எதிரணிக்காக அவளையே இரண்டு நிமிடம் பேச வைத்தேன். தன் உரையைவிட அதில் நன்றாகப் பேசினால் மறுப்புக்குத் தந்த பதில் போதவில்லை என்று அர்த்தம். முதல் தடவை அப்படித்தான் பேசினாள். தேதிகள் உரைக்குள் வந்தது அதற்குப் பிறகுதான்.

எதிரணி கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் முதல் பேச்சாளரே பதில் சொல்லப் பார்ப்பதும் தவறு. அவர்கள் யோசிக்காத கேள்வியை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். கட்டாயம் வரப்போகும் ஒன்றுக்கு மட்டும் பதில் போதும். இந்தத் தலைப்பில் அதைவிடக் கடினமான ஒரு கேள்வி இருக்கிறது: ஆவியாக்கிய பிறகு மிஞ்சுகிற கலப்பு உப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? மறுபடி பயன்படுத்த முடியாத உப்பும் சேறும் மூட்டை மூட்டையாகச் சுத்திகரிப்பு நிலையங்களிலேயே தேங்குகின்றன. அதை உரையில் சேர்க்கலாமா என்று அவள் கேட்டாள், வேண்டாம் என்றேன். மறைப்பதற்காகச் சொல்லவில்லை. கேள்வி வந்தால், ஆற்றில் கலந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியாது, மூட்டையில் இருக்கும் உப்பை எண்ணவும் காவல் காக்கவும் முடியும், ஆனால் பிரச்சினை இன்னும் முடியவில்லை என்று நேராகச் சொல்ல இரண்டாவது பேச்சாளர் தயாராக இருந்தார்.