மறுநாள் சூடாக்கினால் முட்டை ஏன் தண்ணீர் விடுகிறது?

கோடை விடுமுறையில் திருவையாற்றில் உள்ள எங்கள் வீட்டுக்கு உறவினர்கள் கூட்டமாக வரும்போது, மஃபின் தட்டின் 12 குழிகளிலும் காய்கறி கலந்த முட்டையை ஊற்றி, முந்தைய நாளே ஓவனில் வேகவைத்துவிடுவோம். முதன்முறை செய்தபோது, இரவில் பஞ்சுபோல் இருந்தவை காலையில் சூடாக்கியதும் ரப்பர்போல் இறுகி, அடியில் தண்ணீர் தேங்கி நின்றன.

முட்டையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர்தான். சூடேறும்போது அதிலுள்ள புரதச் சுருள்கள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பிணைந்து வலையாகி, அந்த நீரைத் தம் கண்ணிகளுக்குள் பிடித்துவைக்கின்றன. அடித்துக் கலக்கிய முட்டை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கெட்டிப்படுகிறது. பால் சேர்த்தால் இன்னும் சற்று அதிக வெப்பம் தேவைப்படும். அதற்குப் பிறகும் சூடு தொடர்ந்தால் பிணைப்புகள் பெருகி, வலை சுருங்கி, பிடித்துவைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. மறுபடி சூடாக்குவது என்பது இரண்டாம் முறை வேகவைப்பதே என்பதால், முதல் முறையிலேயே முழுக்க இறுகிய முட்டை இரண்டாவது சூட்டைத் தாங்காது.

காய்கறியும் தன் பங்குக்கு நீர் விடுகிறது. தக்காளி, சின்ன வெங்காயம், கீரை ஆகியவற்றைப் பச்சையாகப் போட்டால், உப்பும் சூடும் அவற்றின் நீரை முட்டைக்குள் இறக்கிவிடும். ஒருமுறை 400 கிராம் காய்கறியை உப்பிட்டு வதக்கி மறுபடி நிறுத்தபோது, அது 250 கிராமாகக் குறைந்திருந்தது. ஆவியாகிப்போன 150 கிராம் நீர், ஓடு நீக்கிய மூன்று முட்டைகளின் எடைக்குச் சமம். ஆகவே வாணலியில் ஈரம் வற்றும் வரை வதக்கி, ஆறவிட்ட பிறகே, 10 முட்டையும் 100 மில்லி பாலும் சேர்ந்த கலவையில் போடுகிறோம்.

எண்ணெய் தடவிய குழிகளில் முக்கால் அளவு ஊற்றி, 170 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம் வைத்தால் போதும். ஒரே பெரிய தட்டில் ஊற்றினால் நடுப்பகுதி வேகும் முன் ஓரம் இறுகிவிடும். சிறு குழியில் அந்த வேறுபாடு குறைவு. நடுப்பகுதி ததும்பாமல் இலேசாக மட்டும் அசையும்போது, அதாவது உணவு வெப்பமானி குத்தினால் 71 டிகிரிக்குக் குறையாமல் காட்டும்போது, எடுத்துவிட வேண்டும். உப்பியது ஆறும்போது அமுங்குவது, உள்ளிருந்த நீராவியும் காற்றும் சுருங்குவதால்தான், அது குறையன்று.

டெல்டாவின் சித்திரை வெயிலில், 32 டிகிரிக்கு மேல் உள்ள சமையலறையில், ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் குளிர்பெட்டிக்கு மாற்ற வேண்டும். அங்கே மூன்று நாள் தாங்கும். உறையவைத்தால் பனிப்படிகங்கள் வலையைக் கிழிப்பதால் நீர் கூடுதலாகக் கசியும். மைக்ரோவேவில் பாதித் திறனில், மூடி வைத்து, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துச் சூடாக்கலாம். அது இல்லாதவர்கள் இட்லிப் பானையில் வைக்கலாம். ஆனால் மூடியிலிருந்து சொட்டும் நீர் மேலே விழாதபடி மூடியைத் துணியால் சுற்றிவிட வேண்டும். எந்த வழியானாலும் நடுப்பகுதி ஆவி பறக்கச் சூடானதும் இறக்கிவிட வேண்டும்.