கஸ்வாவின் முதுகில் ஒரு கேமரா

கி.பி. 622. மக்காவை விட்டுக் கிளம்பிய நபிகள் நாயகம் மதீனாவுக்குள் வருகிறார்கள். ஊரே தெருவில் நிற்கிறது. ஒவ்வொரு குலத்தாரும் "எங்களிடம் தங்குங்கள்" என்று கஸ்வா என்ற அந்தப் பெண் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடிக்கப் போகிறார்கள். "அதை விடுங்கள், அதற்குக் கட்டளை இருக்கிறது" என்று பதில் வருகிறது. ஒட்டகம் தன் போக்கில் நடந்து, ஒரு வெற்றிடத்தில் மண்டியிடுகிறது. பின்னர் அந்த இடத்தில்தான் நபியின் பள்ளிவாசலான மஸ்ஜிதுன் நபவி எழுந்தது.

இதை அனிமேஷனில் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கதையின் நடுநாயகமே திரையில் வரக்கூடாது. சுன்னி மரபில் முகம் மட்டுமல்ல, உருவமும் கூடாது. நடிகர் ஒருவர் அவர்களுடைய குரலில் பேசுவதும் கூடாது. ஷியா மரபில், குறிப்பாக ஈரானில், ஓரளவு இடம் உண்டு: முகத்தை ஒளியால் மறைத்து, உருவத்தைக் காட்டுவார்கள். எல்லாக் காலத்திலும் விதி ஒரே மாதிரி இருந்ததும் இல்லை. 14ஆம் நூற்றாண்டுப் பாரசீகச் சுவடிகள் சிலவற்றில் முகமே வரையப்பட்டிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஓவியர் சுல்தான் முஹம்மத் வரைந்த மிஃராஜ் என்னும் விண்ணேற்ற ஓவியத்தில் முகத்துக்கு வெள்ளைத் திரை. சுற்றிலும் பொன்னிறத் தீச்சுடர்.

முதலில் கடினமான வழியை, அதாவது உருவமே இல்லாத வழியைப் பார்ப்போம்.

முஸ்தஃபா அக்காத் 1976இல் எடுத்த 'தி மெஸேஜ்' படம் இதற்கு ஒரு விடை தந்தது. அது ஆட்களை வைத்து எடுத்த படம். நாயகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா இருக்கும். எதிரில் இருப்பவர்கள் அதைப் பார்த்துப் பேசுவார்கள். 2002இல் ரிச்சர்ட் ரிச் இயக்கிய 'முஹம்மத்: தி லாஸ்ட் ப்ராஃபெட்' இதே வழியைக் கையால் வரையும் அனிமேஷனுக்குக் கொண்டுவந்தது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. உண்மையில் வரைபவருக்கு இது பெரிய தலைவலி.

ஏனென்றால், நிஜக் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்துவிடலாம். கையால் வரையும் அனிமேஷனில் பின்னணி என்பது ஒரே ஓவியம். அதை இடம் வலமாக நகர்த்தலாம், கொஞ்சம் பெரிதாக்கலாம், அவ்வளவுதான். கேமரா முன்னால் போகும்போது அருகில் உள்ள வீடு வேகமாகப் பெரிதாக வேண்டும், தொலைவில் உள்ள பேரீச்ச மரம் மெதுவாகப் பெரிதாக வேண்டும். ஒரே ஓவியத்தைப் பெரிதாக்கினால் இரண்டும் ஒரே வேகத்தில் பெரிதாகும். சுவரொட்டியை நோக்கி நடப்பதுபோல் இருக்கும். சரியாகச் செய்ய வேண்டுமென்றால் வீடு, சுவர், கூட்டம் எல்லாவற்றையும் ஒவ்வொரு பிரேமுக்கும் புதிதாக வரைய வேண்டும். நொடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்குப் பயன்படுத்தினாலும் நொடிக்குப் பன்னிரண்டு முழு ஓவியம். இருபது நொடி ஷாட்டுக்கு 240. எந்தத் தயாரிப்பாளரும் பெருமூச்சு விடுவார்.

அதனால் காட்சியை அடுக்குகளாகப் பிரிப்பார்கள். தொலைவு மலை ஓர் அடுக்கு, வீடுகள் ஓர் அடுக்கு, கூட்டம் ஓர் அடுக்கு, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒட்டகத்தின் கழுத்தும் பிடரியும். ஒவ்வோர் அடுக்கும் தனித்தனி வேகத்தில் நகரும். முன்னால் இருக்கும் அந்தக் கழுத்துதான் பார்ப்பவரை ஒட்டகத்தின் மேல் உட்கார வைக்கிறது. அது இல்லாவிட்டால் ஏதோ பறவை பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

கழுத்தைக் காட்டினால் கயிறு தெரியும். கயிறு தெரிந்தால் அதைப் பிடிக்கும் கை எங்கே? இங்கே வரலாறே கைகொடுக்கிறது. கயிறு தளர்த்தி விடப்பட்டிருந்தது என்றுதான் செய்தி. தளர்ந்து தொங்கும் கயிற்றை வரைந்தால் போதும். கை வேண்டாம், கதையும் பிசகாது.

அடுத்தது ஆட்டம். குதிரை துள்ளி ஓடும்போது சவாரி செய்பவர் பெரும்பாலும் மேலும் கீழும் ஏறி இறங்குவார். ஒட்டகம் ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் கிட்டத்தட்டச் சேர்த்தே எடுத்து வைக்கும். அதனால் ஆட்டம் பக்கவாட்டில், தொட்டில்போல். கேமராவை மேலும் கீழும் குலுக்கினால் ஒட்டகத்தில் ஏறியவர் எவருக்கும் அது பொய் என்று தெரிந்துவிடும். ஆனால் நிஜ அளவுக்கு ஆட்டவும் கூடாது. கண் "நகர்கிறோம்" என்கிறது, உள்காது "உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இந்தச் சண்டையில் பார்ப்பவருக்குக் குமட்டல் வரும். ஆட்டம் இருப்பது உணரும் அளவுக்கு மட்டும் வைத்து, மற்றதைக் குறைத்துவிடுவது நல்லது. மண்டியிடும் கணத்தை மட்டும் குறைக்கக் கூடாது. ஒட்டகம் முதலில் முன்காலை மடக்கும். காட்சி சட்டென்று முன்னால் சரியும். பிறகு பின்கால் மடங்கும். காட்சி பின்னால் சாய்ந்து நிலைக்கும். இந்த இரண்டு அசைவும் சரியாக அமைந்தால் "ஒட்டகம் உட்கார்ந்துவிட்டது" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஒரு நுட்பமான சிக்கல். தட்டையான படத்தில் ஒருவர் நேராகக் கேமராவைப் பார்த்தால், அரங்கில் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அவர் தன்னைத்தான் பார்க்கிறார் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றும். பழைய காலண்டர் படங்களில் கண் நம்மைத் தொடர்வதும் இதனால்தான். அப்படியானால் அத்தனை ரசிகர்களும் ஒரு கணம் நபியின் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உருவம் வரையக் கூடாது என்ற விதியைக் காப்பாற்றப் போய், அதைவிடச் சங்கடமான இடத்துக்கு வந்துவிட்டோம். எனக்கு இதற்குப் பிடித்த தீர்வு, பார்வையைக் கேமராவுக்குச் சில பாகை கீழே இறக்குவது. தோழர்கள் மரியாதையால் அவர்களை நிமிர்ந்து பார்க்கவே தயங்கினார்கள் என்ற செய்தியும் உண்டு. ஆக, அது வெறும் தந்திரமாகவும் இருக்காது.

குரலுக்கு வருவோம். 2002 படத்தில் கதைசொல்லி ஒருவர் இருக்கிறார். நாயகத்தின் சொற்கள் அவர் வழியாக வருகின்றன. இதைத் திரைக்கதை உத்தி என்று மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. நபிமொழியான ஹதீஸின் வடிவமே அதுதானே? "நபிகளார் இவ்வாறு கூறியதாக இன்னார் அறிவிக்கிறார்" என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்குகிறது. சொன்னவரின் குரல் நம்மிடம் இல்லை, கேட்டவரின் குரல்தான் இருக்கிறது.

ஆனால் உரையாடல் நடக்கும்போது கதைசொல்லி குறுக்கே வந்தால் காட்சி உடையும். அங்கே, எதிரில் இருப்பவரின் பதிலுக்குள் கேள்வியைப் பொதிந்துவைக்க வேண்டும். மதீனா காட்சியில் அதற்கும் ஆயத்தமான ஓர் இடம் இருக்கிறது. ஒட்டகம் மண்டியிட்டதும் "யாருடைய வீடு பக்கத்தில்?" என்று நாயகம் கேட்கிறார்கள். அந்த ஊர்க்காரர் அபூ அய்யூப் சொல்கிறார்: "என்னுடையது. இதோ என் வீடு, இதோ என் வாசல்." கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் வைத்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை. வெட்டிய இடத்தில் எவ்வளவு நேரம் மௌனம் விடுவது என்பதுதான் கைப்பக்குவம். கேள்வியைச் சொல்ல ஆகும் நேரத்துக்குக் குறைவாக விட்டால் அபூ அய்யூப் தனக்குத்தானே பேசுவதுபோல் இருக்கும். நீண்டுவிட்டால் ஒலிப்பதிவு அறுந்துவிட்டதோ என்று தோன்றும். அந்த மௌனத்தில் அவர் முகம் சும்மா இருக்கக் கூடாது. கேட்பவரின் புருவம், தலையசைப்பு எல்லாம் கேள்வியின் ஏற்ற இறக்கத்தோடு போக வேண்டும். அதற்காக ஒருவர் கேள்வியைப் பேசிப் பதிவுசெய்து, அதைக் கேட்டபடி அபூ அய்யூபின் முகத்தை வரைந்துவிட்டு, அப்புறம் அந்தப் பதிவை அழித்துவிடலாம்.

இனி ஒளி. உருவத்தை அனுமதிக்கும் மரபுகளில் முகத்தை ஒளியால் மறைப்பது எப்படி? திரையால் ஓர் அளவுக்கு மேல் பிரகாசிக்க முடியாது. வெள்ளைத்தாளின் வெள்ளையும் விளக்கின் வெள்ளையும் எட்டு பிட் படத்தில், அதாவது பிரகாசத்தை 0 முதல் 255 வரை எண்ணும் படத்தில், அதே 255தான். பிறகு எப்படி ஒன்று ஒளிர்கிறது, மற்றது ஒளிரவில்லை? பிரகாசமான விளக்கைப் பார்க்கும்போது அதன் ஒளி நம் விழிக்குள்ளேயே கொஞ்சம் சிதறி, விளக்கைச் சுற்றி மங்கலான வளையமாகத் தெரியும். மூளைக்கு அந்தச் சிதறல்தான் சாட்சி. கணினியில் அதையே போலி செய்கிறார்கள்: மிகப் பிரகாசமான பிக்சல்களை மட்டும் பிரித்தெடுத்து, அகலமாக மங்கலாக்கி, மூலப் படத்தின் மேல் கூட்டுகிறார்கள். நடுவில் இருப்பது வெறும் வெள்ளை. அதை ஒளியாக்குவது ஓரங்கள்.

இதில் தவறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது, முகத்தைச் செதுக்கிவிட்டு அதன் மேல் ஒளியைப் போடுவது. பாத்திரம் பக்கவாட்டில் திரும்பும்போது மூக்கின் கோடு ஒளியைத் தாண்டி எட்டிப்பார்க்கும். முகத்தை உருவாக்கவே கூடாது. தலைப்பாகைக்குள் வெறும் கோளம் போதும். இரண்டாவது, ஒளி எதன் மீதும் விழாமல் இருப்பது. தோளில், எதிரில் நிற்பவரின் கன்னத்தில், சுவரில் அந்த வெளிச்சம் படாவிட்டால், யாரோ தலையில் டியூப்லைட்டை ஒட்டியதுபோல் இருக்கும். பயபக்தி வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வரும்.

மூன்றாவது, படிக்கட்டு. வெள்ளையிலிருந்து இருட்டுக்கு மெல்லக் கரையும் ஒளி திரையில் அறுநூறு பிக்சல் அகலம் என்றால், அதற்குக் கிடைப்பது 256 நிலைகள்தான். காணொளியைச் சுருக்கும்போது அதிலும் பல போய்விடும். மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் ஒளிவட்டத்தில் கோடுகள் தெரியும். கரையும் இடத்தில் மணல் தூவியதுபோல் சிறு இரைச்சலைக் கலந்தால் கோடுகள் உடைந்து மறையும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்டூடியோ திரை உதவாது. விளக்கை அணைத்துவிட்டு ஒரு மலிவான போனில் பார்க்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும், மனித வடிவில் ஓர் ஒளி நடப்பதும் உருவம்தான் என்பார் பலர். 2015இல் மஜித் மஜிதி நாயகத்தின் இளமைக்காலத்தைப் படமாக்கினார். சிறுவனின் முதுகைக் காட்டினார், முகத்தைக் காட்டவில்லை. அதற்கே, இசையமைத்த நம் ஏ. ஆர். ரஹ்மானையும் சேர்த்து, மும்பையில் ஃபத்வா வந்தது.

சரி, கஸ்வாவிடம் திரும்புவோம். ஒட்டகம் அமர்ந்துவிட்டது, இனி இறங்க வேண்டும். முப்பரிமாண அனிமேஷன் என்றால் இங்கே கேமராவை எப்படி வேண்டுமானாலும் நகர்த்தலாம். அதில்தான் பொறியும் இருக்கிறது. கணினிக் கேமராவுக்கு உடல் இல்லை, அதனால் நிழலும் இல்லை. சூரியன் பின்னால் இருந்தால் ஒட்டகத்தின் நிழல் மட்டும் முன்னால் விழும், மேலே ஆள் இருக்கமாட்டார். நாயகத்துக்கு நிழல் விழாது என்று ஒரு நம்பிக்கை மரபும் உண்டு. ஆனால் எல்லோரும் அதை ஏற்பதில்லை. எனவே சூரியனை முன்னால் வைத்து நிழலைப் பின்னால் தள்ளிவிடுவது எளிது.

இறங்கியபின் கூட்டம் வழிவிடும். வழிவிட்ட இடத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு வெற்றிடத்தைக் காட்டினால் கதை மாயாவிக் கதை ஆகிவிடும். அதனால் கேமரா இறங்காமல் சேணத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடலாம். மக்களின் தலைகள் மட்டும் மெல்லத் திரும்பி, சட்டகத்துக்கு வெளியே யாரையோ தொடர்கின்றன. அபூ அய்யூப் சுமைகளை அவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு, அதே பக்கம் நடந்து வெளியே போகிறார்.